தார்ப்பாய்க்கு அடியில் எழுபத்திரண்டு தட்டுகள்

இரண்டாவது பெட்டி முடிந்துவிட்டது என்று தம்பி வந்து சொன்னபோது, எதையோ செய்யாமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. எழுந்து போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்து மூடினேன். தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துத் தள்ளினேன். அடியில் ஃபேன் ஓடியது, மேல்தட்டில் கையை வைத்தால் சூடு வந்தது. ஒன்றும் விட்டுப்போகவில்லை.

பழங்காநத்தத்தில் கடைகளுக்குப் பின்னால் போகும் ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் பட்டறை. கேட், ஜன்னல் கிரில், தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்ட், மாடிக்குத் தகரக் கூரை, இவைதான் எங்கள் பிழைப்பு. பட்டறை தம்பியுடையது. நான் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, ஆலை ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்து, அவனுக்குக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தவள். விலை சொல்வது, பில் போடுவது, சனிக்கிழமை சம்பளம் கொடுப்பது எல்லாம் என் வேலை. அவனுக்கு இரும்பு தெரியும். எனக்கு எண் தெரியும். அப்படித்தான் நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எழுமலைப் பக்கம் விவசாயிகள் சிலர் சேர்ந்து ஒரு கம்பெனி வைத்திருந்தார்கள். முருங்கைக் கீரையைக் காயவைத்துப் பொடியாக்கி விற்பது அவர்கள் தொழில். வெயிலில் உலர்த்தினால் இலை பழுப்பாகிறது, மண் ஏறுகிறது என்று வாங்குபவர்கள் தள்ளிவிட்டார்களாம். அதனால் கம்பெனியின் தலைவர் ஒரு நாள் போனில் ஒரு படத்தோடு வந்தார். ஆள் உயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி. இரட்டைச் சுவர், நடுவில் சூடு வெளியே போகாமல் இருக்கப் பஞ்சு. உள்ளே வலை அடித்த இருபத்துநாலு தட்டு. அடியில் ஹீட்டரும் ஃபேனும்.

“இதே மாதிரி ரெண்டு செஞ்சு குடுங்க. நல்லா இருந்தா மேக்கொண்டு பாப்போம்” என்றார்.

எங்கள் பட்டறையில் அப்படி ஒன்றை யாரும் செய்ததில்லை. தம்பி நான்கு பேரை அதில் போட்டான். ஐம்பதைத் தாண்டிய வெல்டர் ஒருவர், தகரம் வெட்டி மடிக்கிற ஒருவர், துளை போட்டு மாட்டுகிற ஒருவர், தட்டுக்கு வலை அடிக்க ஒரு பெண். நால்வருக்கும் நாள் கூலி. சராசரியாகப் பார்த்தால் ஆளுக்கு மணிக்கு நூறு ரூபாய் வரும்.

முதல் பெட்டி எங்களை அழவைத்தது. கதவு ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் வாய் பிளந்தது. தட்டு போனால் வரவில்லை, வந்தால் போகவில்லை. மேல் வரிசைக்குக் காற்றே ஏறவில்லை என்று பின்சுவரைப் பிரித்து மறுபடி பற்றவைத்தார்கள். எந்தத் துண்டை முதலில் மாட்டுவது என்பதிலேயே ஒரு நாள் சண்டை. யார் எந்த வேலையில் எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்று தினமும் குறித்துவைப்பது ஆலையில் வந்த பழக்கம். கூட்டிப் பார்த்தபோது இருநூறு மணி நேரம் வந்தது. கூலி மட்டும் இருபதாயிரம்.

அதே நால்வர், அதே பெட்டி, இரண்டாவது தடவை. நூற்றிருபது மணி நேரம்.

வெல்டரிடம் போய்க் கேட்டேன். “அண்ணே, இதுல என்னத்த விட்டீங்க?”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தார். “விட்டதெல்லாம் சண்டையும் பிரிச்சு மாட்டுனதுந்தாம்மா. இந்தத் தடவ ஒண்ணையும் பிரிக்கல.”

இரண்டு பெட்டியும் எழுமலைக்குப் போய்ச் சேர்ந்து, இலை பச்சையாகவே காய்கிறது என்று சேதி வந்தது. கூடவே தலைவர் போன் செய்தார். “தங்கச்சி, இன்னும் ஆறு வேணும். ஆனா மேலூர்ல ஒரு பட்டறைக்காரர் வெல சொல்லியிருக்காரு. சாமானுக்கு அதே வெலதான், கூலி மட்டும் நீங்க போட்டதுல பாதிக்குக் கொஞ்சந்தான் கூட. நீங்க எம்புட்டுக்குச் செய்வீங்கன்னு நாளைக்குச் சொல்லுங்க.”

போனை வைத்த பிறகும் அந்தப் “பாதி” என் காதிலேயே நின்றது. தகரம், ஃபேன், ஹீட்டர், வலை எல்லாம் அவருக்கும் எங்களுக்கும் ஒரே விலைதான். அதில் பத்து ரூபாய் குறைக்க முடியாது. கூலியில் மட்டும் எப்படிப் பாதியை வெட்ட முடியும்?

தம்பிக்கு ஆத்திரம் வந்தது. “அவன் கைக்காசு போட்டுச் செய்வானா இருக்கும். செய்யட்டும். நாம ரெண்டாவது பெட்டிக் கணக்கப் போட்டுக் குடுப்போம். நூத்திருவது மணி நேரம், ஆறு பெட்டி, எழுநூத்தி இருவது. அதுக்குக் கீழ ஒரு மணி நேரம் எறங்க முடியாது.”

அன்று மத்தியானம் சாப்பிடாமல் மணி நேரம் குறித்த நோட்டை எடுத்துவைத்துக்கொண்டேன். இருநூறு, நூற்றிருபது என்ற இரண்டு எண்ணும் எங்கேயோ பார்த்த முகம் மாதிரி தோன்றிக்கொண்டே இருந்தன. கூட்டிப் பாதியாக்கினேன். சராசரி நூற்றறுபது. இருநூறில் சரியாக எண்பது சதவீதம்.

சட்டென்று ஞாபகம் வந்தது. ஆலையில் இருந்தபோது பதவி உயர்வுக்காகக் காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்குப் படித்தேன். அதில் கற்றல் வளைவு என்று ஒரு பாடம். புதிதான ஒரு பொருளை அதே ஆட்கள் இடைவெளி இல்லாமல் திரும்பத் திரும்பச் செய்தால், செய்த மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும், அதுவரை செய்த எல்லாவற்றுக்குமான சராசரி நேரம் ஒரே விகிதத்தில் குறைந்துகொண்டே வரும். ஆகாய விமானம் செய்கிறவர்களுக்கான கணக்கு என்று நினைத்து, மார்க்குக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்த பாடம். அது இந்தச் சந்துக்குள், எங்கள் தகரக் கொட்டகைக்குள் இருக்கும் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை.

போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கு இருநூறு. இரண்டானால் சராசரி நூற்றறுபது. நான்கானால் அதில் எண்பது சதவீதம், நூற்றிருபத்தெட்டு. எட்டானால் நூற்றிரண்டு சொச்சம். எட்டுப் பெட்டிக்கும் சேர்த்து எண்ணூற்றுப் பத்தொன்பது மணி நேரம். ஏற்கனவே முந்நூற்றிருபது செலவாகிவிட்டது. மீதி ஆறு பெட்டிக்கும் சேர்த்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான்.

மறுபடி போட்டேன். அதே எண்தான் வந்தது.

“உனக்கென்ன பைத்தியமாக்கா?” என்றான் தம்பி. “ரெண்டு பெட்டிக்கே முந்நூத்தி இருவது மணி நேரம் ஆயிருக்கு. ஆறு பெட்டிய ஐநூறுக்குள்ள முடிக்கணும்ன்ற. எவன் முடிப்பான்?”

“அதே நாலு பேரு முடிப்பாங்க. இந்த எறக்கம் ஒரு பெட்டியோட நிக்காதுடா. போகப் போக மெதுவாகும், ஆனா எறங்கிக்கிட்டேதான் இருக்கும். மூணாவது நூறுல நிக்கும், நாலாவது தொண்ணூறச் சுத்தி, அஞ்சாவது எம்பத்தி நாலு. எட்டாவது எழுவதுக்கு வந்துரும்.”

“வரலைன்னா?”

இரண்டே பெட்டியை வைத்து எடுத்த விகிதம் அது. இரண்டு புள்ளியை வைத்துக்கொண்டு ஒரு பாதையையே கீறியிருக்கிறேன் என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் மேலூர்க்காரரும் இப்படித்தான் ஏதோ ஒன்றை நம்பி விலை சொல்லியிருப்பார் என்று பட்டது. மறுநாள் காலை நானூற்றுத் தொண்ணூற்றொன்பது மணி நேரக் கூலியை வைத்து விலை சொன்னேன். மேலூர் விலையைவிடக் கொஞ்சம் கீழே வந்தது. ஆர்டர் எங்களுக்கு வந்தது. தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாவது பெட்டி நூறு மணி நேரத்தில் முடிந்தது. நான்காவது தொண்ணூற்றிரண்டில்.

சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது. பயம் மாதிரி ஒன்று. காகிதத்தில் நான் போட்ட எண்ணை நான்கு மனிதர்கள், அப்படி ஒரு எண் இருப்பதே தெரியாமல், வந்து தொட்டுவிட்டுப் போகிறார்கள். தம்பி பேச ஆரம்பித்துவிட்டான். “நீ ஜோசியம் கீசியம் பாக்குறியாக்கா?” என்று கேட்டான். கேலியாகத்தான் கேட்டான், ஆனால் கண்ணில் மிரட்சி இருந்தது.

ஐந்தாவது பெட்டிக்கு எண்பத்துநாலு வரவேண்டும். நூற்றுப்பத்து வந்தது.

நான்காவதைவிட அதிகம், மூன்றாவதைவிடவும் அதிகம். ஒன்றிரண்டு மணி நேரம் முன்னே பின்னே வரலாம். இது அப்படி இல்லை, ஓடிவந்த வண்டி திரும்பி மேட்டில் ஏறுவது மாதிரி. கரண்ட் நின்றதா? இல்லை. தகரம் மாறியதா? அதே கடை, அதே கனம். ஆள் மாறியதா? அதே நால்வர்.

வெல்டரிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “வேலன்னா முன்னப் பின்ன இருக்கத்தாம்மா செய்யும்.”

வலை அடிக்கிற பெண்ணிடம் கேட்டேன். அவள் எப்போதும் வாயாடி. அன்றைக்கு, “தெரியலக்கா” என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு ரிவெட் துப்பாக்கியை எடுத்துக்கொண்டாள்.

என் கணக்குப் பொய்த்துவிட்டது என்றே முடிவு செய்தேன். மீதி மூன்று பெட்டியும் இப்படியே போனால் நூறு மணி நேரத்துக்கு மேல் எங்கள் கைக்காசு.

ஐந்தாவது பெட்டி முடிந்த மறுநாள், மின்சாரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தியிருந்தார்கள். வேலை ஓடாததால் நால்வரும் சாப்பிட்டுவிட்டு டீக்கடைப் பக்கம் போயிருந்தார்கள். வலை விற்கும் கடைக்காரர் போன் செய்தார். “இன்னொரு ரோல் வேணுமா? விலை கூடப்போகுது, இப்பவே சொல்லிட்டா பழைய விலைக்குத் தாரேன்.”

மீதி மூன்று பெட்டிக்கு வேண்டிய வலை ரோலில் இருக்கிறதே, எதற்குப் புதிது என்று நினைத்தாலும், ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பட்டறைக்குள் போனேன். கரண்ட் இல்லாத பட்டறை அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மூலையில் ரோல் நின்றது. தூக்கிப் பார்த்தேன். ஒற்றைக் கையில் வந்துவிட்டது.

வெறும் குழாயைச் சுற்றி இரண்டு சுற்று வலை. அவ்வளவுதான்.

எழுபது தட்டுக்கு மேல் அடிக்கக்கூடிய எவர்சில்வர் வலையைக் காணோம். இரும்பு மாதிரி இல்லை, வெளியே கொண்டுபோனால் நல்ல விலைக்குப் போகும். தம்பியைக் கூப்பிட்டேன். அவன் ரோலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“வித்துட்டாங்யளா?” என்றான், மெதுவாக. “வெல்டரண்ணே என் கல்யாணத்துல பந்தல் போட்ட ஆளுக்கா.”

“இரு. எதையும் முடிவு பண்ணாத” என்றேன். ஆனால் நானும் முடிவு செய்துவிட்டேன். அதனால்தான் ஐந்தாவது பெட்டி இழுத்தது, அதனால்தான் யாரும் முகத்தைப் பார்க்கவில்லை என்று எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திப்போனது.

தம்பி பட்டறையைச் சுற்றித் தேட ஆரம்பித்தான். பின்சுவரோரம் பழைய கேட் சட்டங்கள் சாய்த்துவைத்திருக்கும் இடத்தில் ஒரு நீலத் தார்ப்பாய் மூடியிருந்தது. அது மாதக்கணக்கில் அங்கேதான் இருந்தது. ஆனால் இப்போது அது உயர்ந்து, மூலைகள் இரும்புத் துண்டு வைத்து அழுத்தப்பட்டிருந்தன. அவன் ஒரு முனையைப் பிடித்து இழுத்தான்.

தட்டுகள். வரிசை வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்றாக, வலை அடித்து, ஓரம் தேய்த்து, அடுக்கிவைத்த தட்டுகள். எண்ணினேன். எழுபத்திரண்டு. மூன்று பெட்டிக்கான எல்லாத் தட்டும். அவற்றுக்குப் பின்னால் வெட்டி மடித்துத் துளைபோட்ட பக்கச் சுவர்கள், இரண்டு பெட்டிக்குப் போதும் போலிருந்தது. ஒன்றில்கூட உளி அடையாளமோ மறுபடி அடித்த காயமோ இல்லை.

திருட்டு இல்லை. செய்து முடித்த வேலையை ஒளித்துவைப்பார்களா? ஐந்தாவது பெட்டியின் பெயரில் நான் எழுதிய நூற்றுப்பத்து மணி நேரத்துக்குள்தான் இவ்வளவும் நடந்திருக்கிறது. என் எண்பத்துநாலை அவர்கள் எப்போதோ தாண்டிப் போய்விட்டார்கள். நான் பார்க்காத இடத்தில்.

நால்வரும் டீ குடித்துவிட்டு உள்ளே வந்தார்கள். தார்ப்பாய் தரையில் கிடந்ததைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். தகரம் மடிக்கிறவர் ஒரு அடி பின்னால்கூட வைத்தார்.

தம்பி கத்தினான். “என்னண்ணே இது? யார ஏமாத்த? வேலய முடிச்சு ஒளிச்சு வச்சுட்டு நாளக் கடத்துறீங்களா? நாலு பேரும் கெளம்புங்க. இன்னைக்கே கணக்க முடிச்சுருவோம்.”

வலை அடிக்கிற பெண்தான் முன்னால் வந்தாள். நிற்காமல் பேசினாள்.

“ஒளிச்சுத்தாண்ணே வச்சோம். இல்லன்னு சொல்லல. மொதப் பெட்டிக்கு ஒரு வாரம் வேல இருந்துச்சு. அப்பறம் நாலு நாளு. அப்பறம் மூணு. நாங்க பழகப் பழக எங்க கூலிதான கொறயுது? எட்டாவது முடிஞ்ச அன்னைக்கு எங்கள வீட்டுக்குப் போகச் சொல்லுவீங்க. நான் இதுக்கு முந்தி இருந்த எடத்துல அப்படித்தாண்ணே சொன்னாங்க. வேகமா முடிச்சா வேல இல்லன்னா, யாருண்ணே வேகமா முடிப்பா?”

“வலைய அடிச்சு வச்சுட்டா, கடைசி நாளுகள மெதுவா ஓட்டிக்கலாம்னு நாந்தான் சொன்னேன்” என்றார் வெல்டர். “இந்தப் பிள்ளையச் சொல்லாதீங்க.”

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்த வளைவை நான் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். இருநூறிலிருந்து எழுபதுக்கு அது இறங்குவதை ரசித்திருக்கிறேன். அது பெட்டிக்கான கூலிச் செலவு இறங்குகிற கோடு என்று மட்டும்தான் பாடத்தில் இருந்தது. அந்தக் கோட்டின் மறுபக்கத்தில் நின்று பார்த்தால் நான்கு பேருக்கு வேலை நாள் இறங்குகிற கோடு அது. அவர்களிடம் யாரும் எதையும் காட்டவில்லை. அவர்களாகவே பார்த்து, பயந்து, அதைப் பிடித்து நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

தம்பி சம்பளக் கணக்கை எடுத்துவரும்படி என்னிடம் சொன்னான். நான் அவன் கையைப் பிடித்து அலுவலக அறைக்குள் இழுத்துப் போனேன்.

“இவங்கள அனுப்பிட்டு மீதி மூணு பெட்டிய யார வச்சு முடிப்ப?”

“வேற ஆளு வரும். டவுன்ல வெல்டருக்கா பஞ்சம்?”

“வர்றவன் எத்தனாவது பெட்டியில இருந்து ஆரம்பிப்பான்?”

அவன் முழித்தான்.

“ஆறாவதுல இருந்து இல்லடா. ஒண்ணாவதுல இருந்து. அவனுக்குக் கதவு மறுபடியும் வாயப் பிளக்கும். நாம வெல சொல்லியிருக்கிறது ஆறாவது பெட்டிய மொத அஞ்சயும் செஞ்ச கையி செய்யும்ன்ற நம்பிக்கையில. அந்தக் கைய அனுப்பிட்டா நம்ம கையில இருக்கிறது வெறும் தகரந்தான்.”

அதைச் சொல்லும்போதுதான் எனக்கே அது முழுதாக உறைத்தது. நாங்கள் மிச்சம் பிடித்திருக்கிறோம் என்று நினைத்த ஒவ்வொரு மணி நேரமும் எங்கள் வெல்டிங் மெஷினிலோ என் கணக்கிலோ இல்லை. வாசலில் பயந்து நிற்கிற அந்த நான்கு பேரிடம் இருக்கிறது. அவர்கள் நடந்து போனால் அதுவும் நடந்து போய்விடும்.

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு, “இப்ப என்ன பண்ணச் சொல்ற?” என்றான்.

வெளியே வந்து நால்வரையும் உட்காரச் சொன்னேன். ஆறு பெட்டிக்கு எத்தனை மணி நேரக் கூலியை விலையில் வைத்திருக்கிறேன் என்று முதல் தடவையாக அவர்களிடம் சொன்னேன். இதுவரை மூன்று பெட்டிக்கு முந்நூற்றிரண்டு மணி நேரம் கொடுத்தாகிவிட்டது, மீதி நூற்றுத் தொண்ணூற்றேழு மணி நேரக் கூலி உங்களுடையது, அதைவிடச் சீக்கிரம் முடித்தாலும் ஒரு ரூபாய் குறையாது என்றேன். முடித்த மறுநாள் கிரில் வேலையோ கேட் வேலையோ அதே கூலிக்கு இருக்கிறது, வீட்டுக்குப் போகச் சொல்லமாட்டோம் என்றேன். தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முறைத்துக்கொண்டே தலையை ஆட்டினான்.

வெல்டர் நம்பவில்லை. “எழுதித் தருவீங்களாம்மா?” என்று கேட்டார். அதுவரை அவர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் எழுதிக் கொடுத்தேன்.

மீதி மூன்று பெட்டியும் எனக்கு இன்றைக்கும் நம்பமுடியாத விஷயம். நூற்றைம்பது மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. தட்டும் சுவரும் முன்பே தயாராக இருந்தது உண்மைதான். ஆனால் ஆறையும் சேர்த்துப் பார்த்தாலும் நான் சொன்ன கணக்கைவிட ஏறக்குறைய ஐம்பது மணி நேரம் கீழே. பேசிய கூலியை முழுதாகக் கொடுத்தோம். பெட்டி சொன்ன நாளுக்கு ஒன்றிரண்டு நாள் முன்னதாகவே எழுமலைக்குப் போனது. தலைவர் பாதிப் பணத்தை அன்றே அனுப்பினார். பட்டறையில் இடம் காலியானதால் ஒரு பள்ளிக்கூடத்துக் கிரில் வேலையைப் பிடிக்க முடிந்தது. தம்பி அதை என்னிடம் சொல்லவில்லை, அவன் மனைவியிடம் சொல்லி அவள் என்னிடம் சொன்னாள்.

தலைவரிடம் அடுத்த எட்டுப் பெட்டிக்கும் விலை சொல்லியிருந்தேன். அதே கோட்டில் போட்டால் பெட்டிக்கு அறுபத்தோரு மணி நேரம்தான் வந்தது. ஆனால் இந்த மாதமே ஆர்டர் தந்தால் மட்டும், அதே அளவு, அதே மாதிரி என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். அவர்கள் கம்பெனிக் கூட்டத்தில் பேசி, கடன் வாங்கி, மழைக்காலம் தாண்டி ஆர்டர் வர ஐந்து மாதம் ஆனது. அதற்குள் வெல்டர், மகன் கூப்பிட்டான் என்று கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார். தகரம் மடிக்கிறவர் சொந்தமாகக் கடை போட்டுவிட்டார்.

ஒன்பதாவது பெட்டிக்கு நூற்றிருபத்தைந்து மணி நேரம் ஆனது.

கணக்குத் தெரிந்த எனக்கே அந்த எண் நெஞ்சில் இடித்தது. இரண்டாவது பெட்டியைவிட மோசம். புது விலை சொன்னபோது தலைவர் போனிலேயே கத்தினார். “எட்டுப் பெட்டி செஞ்ச பட்டறைம்மா நீங்க! ஒம்பதாவதுக்கு இம்புட்டு நேரம்ன்றீங்க. பழக்கம் எங்க போச்சு?”

“கோயம்புத்தூருக்குண்ணே” என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் நேரிலேயே வந்துவிட்டார். பட்டறைக்குள் நின்று பார்த்தார். புது வெல்டர் கதவை மூன்றாவது தடவையாகக் கழற்றிக்கொண்டிருந்தான். வலை அடிக்கிற பெண் தன் தட்டுகளை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய், “கதவுக் கீல்ல மேல உள்ளத மொதல்ல வைக்காத, கீழ வச்சுட்டு மேல வா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தலைவர் கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை. விதைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து வந்து, வயல் வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்கிறவர் முகம் மாதிரி இருந்தது.

“பாதி எங்க தாமதந்தான்” என்றார் கடைசியில். கூடுதல் கூலியில் பாதியை ஏற்றுக்கொண்டார். மீதியை நாங்கள் சுமந்தோம். பத்தாவது பெட்டி தொண்ணூறுக்கு வந்தது, பதினொன்று எண்பதுக்குக் கீழே. அந்தப் பெண்ணுக்குத் தம்பி கூலியை உயர்த்திவிட்டான், நான் சொல்லாமலே. பெட்டி வேலை முழுவதையும் இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.